கல்லூரி அலுவலகத்துக்கு ஒரு செய்தி: படிப்பையும் ஆண்டையும் முதலில் சொல்லுங்கள்

(மஹல்லா பெற்றோருக்கான கல்வி உதவித்தொகை ஆலோசனைக் கூட்டத்தில் நமது டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கண்ணியத்துக்குரிய பெரியவர்களே, தாய்மார்களே, கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளே! வழக்கமாக இந்தக் கூட்டத்தில் என்னென்ன உதவித்தொகை இருக்கிறது என்று ஒரு பட்டியல் வாசிப்போம். நீங்களும் எழுதிக்கொண்டு போவீர்கள். இந்த முறை பட்டியல் வாசிக்கப் போவதில்லை. அது அலுவலகத்தில் ஒட்டியிருக்கிறது, போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள். நான் பேச வந்தது கல்லூரி அலுவலகத்திடம் எப்படிக் கேட்பது என்பதைப் பற்றி. "இதுக்கு ஒரு பேச்சா?" என்று பின் வரிசையில் யாரோ சிரிப்பது தெரிகிறது. சென்ற ஆண்டு நம் மஹல்லாவில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

ஜாம் பஜார் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் சகோதரர். இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டு பேரும் ஒரே கல்லூரி. மூத்தவள் எம்.காம். முதலாம் ஆண்டு, இளையவள் பி.காம். இரண்டாம் ஆண்டு. கல்லூரியின் பெயர் நமக்கு வேண்டாம், அரசு உதவி பெறும் கல்லூரி என்பது மட்டும் போதும். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்று பத்திரிகையில் பார்த்துவிட்டு, இரவு கடையைச் சாத்தியபின் கல்லூரி அலுவலகத்தின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அவர் ஒரு செய்தி அனுப்பினார். அதை என்னிடம் காட்டினார். அப்படியே சொல்கிறேன்:

"சார் என் ரெண்டு பொண்ணுங்க உங்க காலேஜ்ல படிக்கிறாங்க. ஸ்காலர்ஷிப்புக்கு இன்கம் சர்டிபிகேட் வேணுமா? லாஸ்ட் டேட் எப்ப?"

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பதில் வந்தது. பதில் வந்ததே பெரிய விஷயம், அந்த எழுத்தருக்கு நன்றி சொல்ல வேண்டும். "தேவையில்லை சார். ஜாதிச் சான்று, பாஸ்புக் நகல் போதும். 25-க்குள் கொடுக்கவும்." இவருக்கு நிம்மதி. வருமானச் சான்றுக்கு அலைய வேண்டாம் என்று வேலையைப் பார்த்தார்.

25-ஆம் தேதி இரண்டு பிள்ளைகளும் காகிதங்களோடு போய் நின்றார்கள். இளையவளுடையதை வாங்கிக்கொண்டார்கள். மூத்தவளிடம், "எம்.காம்.-ஆ? வருமானச் சான்று எங்கே?" என்று கேட்டார்கள். அவள் கைப்பேசியில் இருந்த பதிலைக் காட்டினாள. எழுத்தர் அதைப் படித்துவிட்டு, "நான் பி.காம். பிள்ளைகள் என்று நினைத்தேன்மா, அந்த வாரம் முழுக்க இளங்கலைதானே பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன பதில் தப்பும் இல்லை. தமிழ்நாடு அரசின் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத்துறை வழங்கும் உதவியில் இப்படி ஒரு வேறுபாடு இருக்கிறது. அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ மூன்றாண்டு இளங்கலைப் பட்டம் படிக்கிற பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவருக்கு, இலவசக் கல்வித் திட்டத்தின் கீழ் வருமான நிபந்தனை கிடையாது. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்று போனால், பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.50 லட்சம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அதற்குத் தாசில்தார் அலுவலகத்தின் வருமானச் சான்று வேண்டும். ஒரே வீடு, ஒரே அத்தா, ஒரே வருமானம். ஒரு பிள்ளைக்குச் சான்று வேண்டாம், இன்னொரு பிள்ளைக்கு வேண்டும். இதைப் பிரித்துக் காட்டுவது படிப்பின் பெயர்தான். அந்தப் பெயர் இவருடைய செய்தியில் இல்லை.

கதை இதோடு முடியவில்லை. அன்று மாலையே இ-சேவை மையத்துக்கு ஓடினார்கள். வருமானச் சான்றுக்குக் கட்டணம் 60 ரூபாய்தான். பணம் பிரச்சினை இல்லை, நாள்தான் பிரச்சினை. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஒவ்வொரு மேசையாகப் போய்த்தான் கையெழுத்தாகி வரும். இவர்கள் ஒரு வருடம் முன்புதான் வீடு மாறியிருந்தார்கள். ரேஷன் அட்டையில் பழைய முகவரி, ஆதாரில் புது முகவரி. அதனால் ஒருமுறை திரும்பி வந்தது. சான்று கைக்குக் கிடைத்தது அடுத்த மாதம் 9-ஆம் தேதி. "பத்திரிகையில் 15 வரைக்கும் தேதி போட்டிருந்ததே, இன்னும் ஆறு நாள் இருக்கிறதே" என்று சந்தோஷமாகக் கல்லூரிக்குப் போனார்கள். "3-ஆம் தேதியே எங்கள் பட்டியலை முடித்து அனுப்பிவிட்டோம்" என்றது அலுவலகம். மூத்த பிள்ளைக்கு அந்த ஆண்டின் உதவித்தொகை போயிற்று. அந்தத் தொகைக்கு ஈடாக அவர் தாயார் வளையலை அடகு வைத்தார்கள். அதன் பிறகுதான் நம் டிரஸ்டுக்கு வந்தார்கள்.

யார் மேல் குறை? எழுத்தர் திருப்பிக் கேட்டிருக்கலாம், "எந்தப் படிப்பு சார்?" என்று. கேட்டிருக்க வேண்டும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு இரண்டு எழுத்தர்கள் இருக்கும் இடத்தில் அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க முடியாது. நம் கையில் இருப்பது நாம் அனுப்பும் செய்தி.

நான் மதரஸாவில் ஓதிய காலத்தில் ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். மார்க்கத் தீர்ப்புக் கேட்டு வெளியூரிலிருந்து உஸ்தாதுக்குக் கடிதங்கள் வரும். சில கடிதங்களைப் படித்துவிட்டு அவர்கள் பதிலே எழுத மாட்டார்கள், அப்படியே ஓரமாக வைப்பார்கள். "ஏன் ஹஜ்ரத்?" என்று கேட்டால், "இவர் கணவனா, தகப்பனா, அண்ணனா என்றே எழுதவில்லையே, நான் யாருக்குப் பதில் எழுதுவது?" என்பார்கள். முஃப்தி நேரில் போய் விசாரிப்பவர் அல்ல. கேள்வியில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் பதில். கேள்வியில் ஒரு விவரம் குறைந்தால், சரியான பதிலே வேறொருவருக்கான பதிலாகிவிடும். கல்லூரி எழுத்தரும் அப்படித்தான்.

சரி, செய்தியில் என்ன இருக்க வேண்டும்? முதலில் படிப்பு. பி.காம். என்றால் மட்டும் போதாது. பி.காம். பொதுவா, கணினிப் பயன்பாடா, கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப்பா? அதோடு நம் சென்னைக் கல்லூரிகளில் காலைப் பிரிவு, மாலைப் பிரிவு என்று இருக்கிறதே, அதையும் எழுதுங்கள். பல உதவி பெறும் கல்லூரிகளில் காலைப் பிரிவு அரசு உதவி பெறுவது, மாலைப் பிரிவு சுயநிதி. மேலே சொன்னேனே, வருமான நிபந்தனை இல்லை என்று, அது அரசு மற்றும் அரசு உதவி பெறும் படிப்புகளுக்குச் சொன்னது. ஒரே கட்டடத்தில், அதே பேராசிரியர் நடத்தும் அதே பாடமாக இருந்தாலும், உங்கள் பிள்ளை சுயநிதிப் பிரிவில் இருந்தால் அலுவலகம் வேறு பதில் சொல்லலாம். எது என்று தெரியாவிட்டால் கட்டண ரசீதைப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே பிரிவு அச்சாகியிருக்கும்.

அடுத்தது ஆண்டு. முதலாம் ஆண்டு என்றால் புதிய விண்ணப்பம். இரண்டு, மூன்று என்றால், முன்பு வாங்கியவருக்குப் புதுப்பித்தல். இரண்டுக்கும் காகிதங்கள் வேறு. புதிதாக என்றால் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, மாற்றுச் சான்றிதழ் நகல் என்று ஆரம்பத்திலிருந்து கேட்பார்கள். புதுப்பித்தல் என்றால் போன ஆண்டின் மதிப்பெண்ணும் வருகைப் பதிவும் வந்து நிற்கும்.

சில திட்டங்களில் ஆண்டு என்பது வாசல் கதவு மாதிரி. மத்திய அரசின் கல்வி அமைச்சகம் வழங்கும் மத்தியத் துறை உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்தில் தேறியவர்களில் முதல் இருபது சதவீதத்துக்குள் மதிப்பெண் எடுத்த பிள்ளைகளுக்கானது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுகலைக்கு 20,000. scholarships.gov.in என்ற தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இதில் பட்டப்படிப்புக்குப் புதிதாகச் சேரும் கதவு முதலாம் ஆண்டில்தான் திறந்திருக்கும். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை முதலாம் ஆண்டில் விட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டில் வந்து "இப்போது போடலாமா?" என்று கேட்டால், அலுவலகம் என்ன செய்யும்? சேர்ந்துவிட்ட பிள்ளைக்கும் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்தல் உண்டு. ஐம்பது சதவீத மதிப்பெண்ணும் எழுபத்தைந்து சதவீத வருகையும் வேண்டும். ஆகவே "இரண்டாம் ஆண்டு, புதுப்பித்தல்" என்று எழுதினால், எழுத்தர் எந்த மேசைக்கு, எந்தப் பட்டியலுக்குப் போக வேண்டும் என்று உடனே தெரிந்துகொள்வார்.

மூன்றாவது, திட்டத்தின் பெயர். "ஸ்காலர்ஷிப்" என்று மட்டும் எழுதாதீர்கள். நம் பிள்ளைகள் பல கதவுகளில் நிற்கலாம். மாநில அரசின் பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகை ஒன்று. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 முதல் இருக்கிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-இல் வந்தது. மத்திய அரசின் சிறுபான்மையினர் திட்டங்கள் தனி. அவற்றில் சில நின்றுவிட்டன. மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை 2022-23 முதல் நிறுத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். அதனால் சிறுபான்மையினர் திட்டம் என்றால் "இந்த ஆண்டு விண்ணப்பம் திறந்திருக்கிறதா?" என்பதையே முதல் கேள்வியாக வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஐந்து வருடம் முன்னால் கிடைத்தது என்பது இந்த ஆண்டுக்கு ஆதாரம் ஆகாது.

இந்த இடத்தில் இன்னொன்று. முஸ்லிம் என்றாலே பிற்படுத்தப்பட்டோர் உதவி கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் பட்டியலில் ஏழு பிரிவுகள்தான் இருக்கின்றன: ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, தக்கணி, சையத், ஷேக், அன்சார், மாப்பிள்ளை, தூதேகுலா. சாதிச் சான்றில் இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். நம் திருவல்லிக்கேணியில் வீட்டில் உருது பேசும் குடும்பங்களில் சிலருடைய சான்றில் வேறு பெயர் இருக்கிறது. அவர்கள் கல்லூரிக்கு எழுதும் முன் சான்றை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இவ்வளவையும் எழுதினால் கடிதம் நீளாதா என்று ஒரு தாயார் கேட்கிறார்கள். நீளாது, அம்மா. கடையை விட்டு வந்து உட்கார்ந்திருக்கிற அந்தச் சகோதரரின் அனுமதியோடு சொல்கிறேன். இந்த ஆண்டு அவருடைய மூத்த பிள்ளை நம் அலுவலகத்தில் உட்கார்ந்து தன் கையால் எழுதிய செய்தி இது. பெயரையும் எண்ணையும் மட்டும் எடுத்துவிட்டேன்:

"வணக்கம். நான் எம்.காம். இரண்டாம் ஆண்டு, காலைப் பிரிவு மாணவி. பெயர் ..., பதிவு எண் .... பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். சென்ற ஆண்டு பெறவில்லை, எனவே புதிய விண்ணப்பம். 1. அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய சான்றுகள் எவை? அசலா, நகலா? 2. நம் அலுவலகம் பெற்றுக்கொள்ளும் கடைசி நாள் எது? சென்ற ஆண்டு எடுத்த வருமானச் சான்று கையில் உள்ளது. அது செல்லுமா, புதிதாக எடுக்க வேண்டுமா? நன்றி."

கைப்பேசியில் ஒரே திரையில் அடங்கிவிட்டது. எழுத்தர் விரலால் தள்ளிப் பார்க்க வேண்டியதில்லை. யார், என்ன படிப்பு, எந்தத் திட்டம், என்ன நிலை, என்ன கேள்வி, எல்லாம் ஒரு பார்வையில் தெரிகிறது. இளைய பிள்ளைக்குத் தனியாக இன்னொரு செய்தி, "பி.காம். மூன்றாம் ஆண்டு, புதுப்பித்தல்" என்று. இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு செய்திதான். ஒன்றில் இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று பார்த்தோம்.

இதில் ஒரு வார்த்தையை நீங்கள் கவனிக்க வேண்டும்: "நம் அலுவலகம் பெற்றுக்கொள்ளும் கடைசி நாள்." வெறும் "கடைசி நாள்" என்று அந்தப் பிள்ளை எழுதவில்லை. ஏன் என்றால், கடைசி நாள் என்பது ஒன்று அல்ல. அரசு பத்திரிகையில் அறிவிக்கும் நாள் ஒன்று. கல்லூரி தன் மேசையில் காகிதம் வாங்கும் நாள் இன்னொன்று. ஏன் வேறாக இருக்கிறது? மாணவர் தருவதை அலுவலகம் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும், கணினியில் ஏற்ற வேண்டும், மேல் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். நூறு, இருநூறு விண்ணப்பம் என்றால் அதற்கே நாள் பிடிக்கும். அதனால் அரசின் தேதிக்கு முன்பே அவர்கள் வாசலைச் சாத்துகிறார்கள். சென்ற ஆண்டு அந்தக் குடும்பத்தை இரண்டாவது முறை அடித்தது இதுதான். அவர்கள் நம்பியது பத்திரிகைத் தேதி.

தேசிய தளத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மாணவர் விண்ணப்பிக்க ஒரு தேதி இருக்கும், கல்லூரி சரிபார்க்க வேறொரு தேதி இருக்கும். மாணவர் விண்ணப்பித்து முடித்ததும் வேலை தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கல்லூரியில் அதற்கென்று ஒரு பொறுப்பு அலுவலர் இருப்பார். அவர் திறந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஏதாவது குறை இருந்தால் திருத்தச் சொல்லித் திருப்பிவிடுவார். திருப்பிவிட்டது நமக்குத் தெரியாமல் நாம் சும்மா இருந்தால், திருத்தும் தேதியும் போய்விடும். அதனால் விண்ணப்பித்த பிறகும் வாரம் ஒருமுறை உள்ளே போய் நிலையைப் பாருங்கள். பத்து நாளாகியும் கல்லூரி மட்டத்திலேயே நின்றால், அதே மாதிரி ஒரு சின்னச் செய்தி: படிப்பு, ஆண்டு, விண்ணப்ப எண், "சரிபார்ப்புக்காக உங்கள் பக்கத்தில் நிற்கிறது, நான் எதையாவது கொண்டு வர வேண்டுமா?" அவ்வளவுதான். குற்றம் சொல்லும் தொனி வேண்டாம், வேலை நடக்காது.

இன்னொரு எண்ணைப் பற்றிக் கேட்டார்கள். மாநிலத் திட்டங்களுக்குக் கல்லூரி மாணவர் ஒவ்வொருவருக்கும் யு.எம்.ஐ.எஸ். எண் ஒன்று இருக்கிறது, umis.tn.gov.in தளத்தில். அது கல்லூரிப் பதிவு எண் அல்ல, பள்ளியில் இருந்த எமிஸ் எண்ணும் அல்ல. நம்மிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் இந்த மூன்றையும் மாற்றி மாற்றித் தருகிறார்கள். யு.எம்.ஐ.எஸ். எண் தெரியாவிட்டால் அதையும் கல்லூரியிலேயே கேட்கலாம். அங்கே கல்வி உதவித்தொகைக்கான பொறுப்பு அலுவலர் யார் என்று கேட்டு, நேராக அவரிடம் போங்கள்.

பெயரையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் சமுதாயத்தில் இது பெரிய தலைவலி. மதிப்பெண் பட்டியலில் Mohamed, ஆதாரில் Mohammed, வங்கியில் Mohd. மூன்றும் ஒரே பையன். கணினிக்கு மூன்று பேர். பெண் பிள்ளைகளுக்கு இனிஷியல் பிரச்சினை. மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்து, ஆதாரில் அத்தாவின் முழுப் பெயர். இதை அலுவலகம் கண்டுபிடித்துச் சொல்லும் வரை காத்திருக்காதீர்கள். செய்தி அனுப்பும் முன் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறாக இருந்தால் செய்தியிலேயே ஒரு வரி: "ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயர் எழுத்தில் வேறுபாடு உள்ளது, எதைத் திருத்த வேண்டும்?" பொதுவாக ஆதாரையும் வங்கியையும் திருத்துவது சுலபம், மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது கஷ்டம். ஆனாலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பணம் வருவது ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்கு. "பாஸ்புக் கொடுத்தோமே" என்பார்கள். கணக்கில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, அரசின் பணம் வந்து சேரும் கணக்காக ஆதார் இணைக்கப்பட்டிருப்பது வேறு. வங்கியில் போய் "நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு ஆதார் இணைந்திருக்கிறதா?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். பிள்ளைக்கு இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால், கடைசியாக எதில் இணைத்தீர்களோ அதற்குத்தான் போகும். பாஸ்புக் நகலும் அந்தக் கணக்கினுடையதாகவே இருக்கட்டும்.

செய்தியில் எதை எழுதக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். முதல் செய்தியிலேயே ஆதார் அட்டை, பாஸ்புக் எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பாதீர்கள். அவர்கள் கேட்கட்டும், கேட்கிற எண் கல்லூரியின் எண்தானா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுங்கள். உதவித்தொகை வந்திருக்கிறது, கைப்பேசிக்கு வந்த ஆறு எண்ணைச் சொல்லுங்கள் என்று யாராவது அழைத்தால், அது கல்லூரியும் அல்ல, அரசும் அல்ல. வீட்டுக் கஷ்டத்தையும் செய்தியில் எழுத வேண்டாம். இது எனக்குச் சொல்லவே மனம் வரவில்லை, ஆனால் சொல்கிறேன். அந்த எழுத்தரால் நம் கஷ்டத்தைப் பார்த்து நிபந்தனையை மாற்ற முடியாது. நாலு வரி கஷ்டத்துக்கு நடுவில் படிப்பும் ஆண்டும் காணாமல் போகும். அந்தக் கஷ்டத்தை நம்மிடம் சொல்லுங்கள், டிரஸ்ட் அதற்குத்தான் இருக்கிறது.

எந்த மொழியில் எழுதுவது? நாம் திருவல்லிக்கேணிக்காரர்கள், வீட்டில் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி. தமிழில் எழுதுங்கள், தாராளமாகப் புரியும். தெரியாத ஆங்கிலத்தில் எழுதி "லாஸ்ட்" என்பதை "லாஸ்" என்று அடித்து, எதைத் தொலைத்தீர்கள் என்று அவர் கேட்கும்படி ஆனதும் உண்டு. யார் எழுதுவது? பிள்ளையே எழுதட்டும், பிள்ளையின் எண்ணிலிருந்தே. அத்தாவின் எண்ணிலிருந்து போனால் அலுவலகத்துக்கு அது யாரோ ஒருவர். நேரம், அலுவலக நேரம். காலை பத்தரைக்கு மேல், ஒரு மணிக்கு முன். இரவு பதினொன்றுக்கு அனுப்பியது மறுநாள் காலையில் ஐம்பது செய்திகளுக்கு அடியில் கிடக்கும்.

பதில் வரவில்லை என்றால்? "சார்", "ஹலோ", கேள்விக்குறி மூன்று, இதையெல்லாம் அனுப்பாதீர்கள். இரண்டு வேலை நாள் பொறுங்கள். அப்புறம் அதே செய்தியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நேரில் போங்கள். ஜன்னலில் நின்று வாயால் சொல்வதைவிட அந்தத் தாளை நீட்டுவது நல்லது. பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது நமக்கும் வார்த்தை தடுமாறும். அவர் சொல்லும் பதிலை அதே தாளில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். கொடுத்த காகிதங்களின் நகலில் பெற்றதற்கு ஒரு கையெழுத்துக் கேளுங்கள். சிலர் போடுவார்கள், சிலர் போட மாட்டார்கள். போடாவிட்டால் சண்டை வேண்டாம், கொடுத்த நாளையும் அறையையும் நீங்களே எழுதி வையுங்கள்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் இதெல்லாம் இல்லை. அலுவலக வராந்தாவில் ஒரு பலகை, அதில் ஒரு சுற்றறிக்கை. அதைப் பார்க்கப் போய் நிற்பதற்குள் மேலே வேறு சுற்றறிக்கை ஒட்டியிருப்பார்கள். தவறவிட்டவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கு வீட்டிலிருந்தே கேட்க முடிகிறது என்பது சின்ன விஷயம் அல்ல.

மூத்த பிள்ளையின் செய்திக்கு என்ன பதில் வந்தது என்று சொல்லாமல் விட்டுவிட்டேனே. அன்று மாலையே வந்தது: "வருமானச் சான்று புதிது வேண்டும். சாதிச் சான்று, பட்டப்படிப்பு மதிப்பெண் பட்டியல், பாஸ்புக் நகல். அசலைக் காட்டிவிட்டு நகல் கொடுக்கவும். 18-ஆம் தேதி வரை." வருமானச் சான்றுக்கு ஓர் ஆண்டுதான் ஆயுள். போன ஆண்டு எடுத்தது அதற்குள் காலாவதியாகும் நிலையில் இருந்தது. பதில் வந்தபோது 18-ஆம் தேதிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. ரேஷன் அட்டையில் முகவரியை அவர்கள் ஏற்கெனவே மாற்றியிருந்தார்கள். சான்று ஒன்பது நாளில் வந்தது. 14-ஆம் தேதி கொடுத்துவிட்டாள். இளையவளுக்குப் பதில் ஒரே வரி: "வருமானச் சான்று வேண்டாம், மதிப்பெண் பட்டியல் மட்டும்."

இன்னும் பணம் வரவில்லை. விண்ணப்பம் கல்லூரியைத் தாண்டி மேலே போயிருக்கிறது என்று தளத்தில் காட்டுகிறது.

இந்தச் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நம் அலுவலகத்தில் இருப்போம், இன்ஷா அல்லாஹ். கல்லூரிக்குப் போகும் பிள்ளையும் வர வேண்டும், பிள்ளையின் கைப்பேசியும் வர வேண்டும். சாதிச் சான்று, போன ஆண்டின் கட்டண ரசீது, ஆதார், பாஸ்புக், இந்த நான்கையும் எடுத்து வாருங்கள். பெயர் எழுத்துகளை அங்கேயே ஒத்துப் பார்ப்போம், செய்தியைப் பிள்ளையே எழுதட்டும், திங்கள்கிழமை காலை பத்தரைக்கு அனுப்பட்டும். வருமானச் சான்று எடுக்க வேண்டியவர்கள் ரேஷன் அட்டையையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள், முகவரியைப் பார்த்துவிடலாம்.

வஸ்ஸலாம்.